இரண்டு பெட்டிகள், இரண்டு நியாயங்கள்

மேசை மீது இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடிப் பெட்டி. உள்ளே 1,000 டாலர் இருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. மற்றொன்று மூடிய பெட்டி. அதில் 10 லட்சம் டாலர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். உங்களுக்கு இரண்டே வழிகள். மூடிய பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல், பெட்டியை வைத்தவரிடம் இருக்கிறது. யார் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று முன்கூட்டியே சொல்வதில் அவர் வல்லவர். உங்களைப் பற்றியும் நேற்றே கணித்துவிட்டார். மூடிய பெட்டியை மட்டும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் அதற்குள் 10 லட்சத்தை வைத்திருப்பார். இரண்டையும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் காலியாக விட்டிருப்பார். வைக்க வேண்டியதை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். பெட்டிக்குள் இருப்பதை இனி யாரும் மாற்றப் போவதில்லை. இந்த விதிகள் அனைத்தும் உங்களுக்குத் தெரியும். இதற்கு முன் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் விஷயத்தில் அவருடைய கணிப்பு பலித்தது என்பதும் தெரியும். இப்போது எதை எடுப்பீர்கள்?

இந்தப் புதிரை 1960 வாக்கில் யோசித்தவர் வில்லியம் நியூகம். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். அவர் இதை எழுதி வெளியிடவில்லை. நண்பர் ஒருவர் வழியாகக் கேள்விப்பட்ட தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக், 1969இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். 1973இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தம்முடைய கணிதப் பகுதியில் இதை எடுத்துப் பேசியதும் வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். எழுதியவர்களில் அதிகம் பேர் ஒரு பெட்டிதான் சரி என்றார்கள். தத்துவம் படித்தவர்களிடையே காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2020இல் ஆங்கில உலகத் தத்துவ அறிஞர்களிடம் ஃபில்பேப்பர்ஸ் அமைப்பு நடத்திய கருத்துக் கணிப்பில் சுமார் 39 சதவீதம் பேர் இரண்டு பெட்டிகள் பக்கமும், 31 சதவீதம் பேர் ஒரு பெட்டி பக்கமும் நின்றார்கள்.

நோசிக் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. இந்தப் புதிரைக் கேட்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் விடை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பாதிப் பேருக்கு ஒரு விடை, மீதிப் பேருக்கு அதற்கு நேர்மாறான விடை. எதிர்த் தரப்பு யோசிக்கவே இல்லை என்று இரு தரப்பும் நினைக்கிறது. அதற்குக் காரணம், நாம் அன்றாடம் நம்பிச் செயல்படும் இரண்டு விதிகள் இங்கே நேருக்கு நேர் மோதிக்கொள்வதுதான்.

இரு தரப்பு வாதம்

முதல் விதியை ஆதிக்க விதி என்று சொல்லலாம். உலகம் எந்த நிலையில் இருந்தாலும் ஒரு தேர்வு மற்றதைவிட மேலான பலனைத் தருகிறது என்றால், அந்தத் தேர்வையே செய்ய வேண்டும். உலகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூட வேண்டியதில்லை. மூடிய பெட்டியில் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் எடுத்தால் 10 லட்சம். இரண்டையும் எடுத்தால் 10 லட்சத்து 1,000. பெட்டி காலி என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் எடுத்தால் ஒன்றுமில்லை. இரண்டையும் எடுத்தால் 1,000. எப்படிப் பார்த்தாலும் இரண்டையும் எடுப்பவருக்கு 1,000 டாலர் கூடுதல். பெட்டியின் பின்பக்கம் கண்ணாடியாக இருந்து, உங்கள் நலம் நாடும் ஒருவர் அங்கே நின்று உள்ளே பார்க்கிறார் என்றால் அவர் என்ன ஆசைப்படுவார்? பணம் இருப்பதைப் பார்த்தாலும் சரி, இல்லாததைப் பார்த்தாலும் சரி, இரண்டையும் எடுத்துக்கொள்ளப்பா என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொள்வார்.

இரண்டாவது விதி, எதிர்பார்ப்புப் பயன். ஒவ்வொரு தேர்விலும் என்னென்ன பலன்கள் கிடைக்கக்கூடும், ஒவ்வொன்றும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்து, பலனையும் வாய்ப்பையும் பெருக்கிக் கூட்டி, எது பெரிதோ அதைத் தேர்ந்தெடுப்பது. கணிப்பாளர் 100க்கு 90 முறை சரியாகச் சொல்பவர் என்று கொள்வோம். நீங்கள் ஒரு பெட்டியை எடுத்தால், அதை அவர் சரியாகக் கணித்திருக்க 90 சதவீத வாய்ப்பு. எதிர்பார்ப்பு 9 லட்சம் டாலர். இரண்டையும் எடுத்தால், அவர் தவறிப் போய் 10 லட்சத்தை வைத்திருக்க 10 சதவீத வாய்ப்புதான். அதன் மதிப்பு 1 லட்சம், கூடவே கையில் உள்ள 1,000. ஆக 1 லட்சத்து 1,000. ஒன்பது லட்சத்தை விட்டுவிட்டு ஒரு லட்சத்தை யார் தேர்ந்தெடுப்பார்?

கணிப்பாளர் இவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், அவருடைய கணிப்பு 50.05 சதவீதத்தைத் தாண்டினாலே ஒரு பெட்டியின் எதிர்பார்ப்பு மேலேறிவிடுகிறது. நாணயத்தைச் சுண்டிச் சொல்பவரைவிட ஒரு மயிரிழை மேலாக இருந்தால் போதும். எனவே, 'இப்படிப்பட்ட தீர்க்கதரிசி உலகில் கிடையாது' என்று சொல்லிப் புதிரிலிருந்து தப்பிவிட முடியாது. நெருங்கிப் பழகியவர்கள் நம் முடிவுகளை அதைவிடச் சரியாகவே ஊகிக்கிறார்கள்.

ஒரே கணக்கு, இரண்டு வாசிப்பு

மோதல் எங்கே பிறக்கிறது என்பதை நூறு பேரை வைத்துப் பார்க்கலாம். 50 பேர் ஒரு பெட்டியை எடுக்கிறார்கள். 50 பேர் இரண்டையும் எடுக்கிறார்கள். கணிப்பாளர் இரு பக்கமும் பத்துக்கு ஒன்பது சரி.

ஒரு பெட்டி எடுத்த 50 பேரில் 45 பேருக்கு 10 லட்சம் கிடைக்கிறது; 5 பேருக்கு வெறும் பெட்டி. சராசரி 9 லட்சம். இரண்டையும் எடுத்த 50 பேரில் 45 பேருக்கு 1,000 மட்டும். கணிப்பு தவறிய 5 பேருக்கு 10 லட்சத்து 1,000. சராசரி 1 லட்சத்து 1,000. ஒரு பெட்டிக்காரர்கள் எங்கேயோ இருக்கிறார்கள்.

இப்போது அதே நூறு பேரை வேறு மாதிரி பிரிப்போம். யார் என்ன எடுத்தார் என்று பார்க்காமல், யாருக்குப் பணம் வைத்த பெட்டி வந்தது, யாருக்குக் காலிப் பெட்டி வந்தது என்று பிரிப்போம். பணப் பெட்டி வந்தவர்கள் 50 பேர். அவர்களில் ஒரு பெட்டி எடுத்த 45 பேருக்குத் தலைக்கு 10 லட்சம். இரண்டையும் எடுத்த 5 பேருக்குத் தலைக்கு 10 லட்சத்து 1,000. காலிப் பெட்டி வந்தவர்கள் 50 பேர். அவர்களில் ஒரு பெட்டி எடுத்த 5 பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் எடுத்த 45 பேருக்கு 1,000. இரண்டு குழுவிலும் இரண்டு பெட்டிக்காரர்களே 1,000 டாலர் முன்னால் நிற்கிறார்கள்.

புள்ளிவிவரத்தில் ஒரு தவறும் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் ஒரு தரப்பு பணக்காரர்கள். குழு குழுவாகப் பார்த்தால் மறு தரப்பு முன்னால். குழுக்களின் உள்ளடக்கம் சமமாக இல்லாததால் இப்படி ஆகிறது. பணப் பெட்டி வந்த குழுவில் பெரும்பாலோர் ஒரு பெட்டிக்காரர்கள். காலிப் பெட்டிக் குழுவில் பெரும்பாலோர் இரண்டு பெட்டிக்காரர்கள். அப்படியானால் முடிவெடுக்கும் நீங்கள் எந்த வாசிப்பை உங்களுக்குரியதாகக் கொள்ள வேண்டும்? அது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: உங்கள் தேர்வு, பெட்டிக்குள் இருப்பதற்குக் காரணமா, அறிகுறியா?

ஒரு பெட்டியை எடுக்க நீங்கள் கை நீட்டுவது, உள்ளே பணம் இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. வெளியில் நின்று பார்ப்பவர் உங்கள் கை போகும் திசையை வைத்தே பெட்டியில் பணம் உண்டு என்று பந்தயம் கட்டலாம். ஆனால் அந்தக் கை நீட்டல் பணத்தை உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. பணம் நேற்றே வைக்கப்பட்டது, அல்லது வைக்கப்படவில்லை.

மேலே போட்ட எதிர்பார்ப்புக் கணக்கு, 'நான் ஒரு பெட்டியை எடுக்கிறேன் என்ற செய்தி தெரிந்தால், பணம் இருக்க எவ்வளவு வாய்ப்பு' என்ற நிபந்தனை நிகழ்தகவை எடுத்துக்கொண்டது. ரிச்சர்ட் ஜெஃப்ரி 1965இல் வெளியிட்ட முடிவுக் கோட்பாட்டு நூலின் வழி இதுதான். அந்த நிகழ்தகவுக்குக் காரணமும் அறிகுறியும் ஒன்றே. 1970களின் இறுதியில் ஆலன் கிப்பர்டும் வில்லியம் ஹார்ப்பரும், பிறகு டேவிட் லூயிஸும் இதை மறுத்தார்கள். முடிவெடுப்பவருக்குத் தேவையானது, தன் செயலால் எது மாறும் என்ற கணக்குதான் என்றார்கள்.

அவர்கள் வழியில் அதே எதிர்பார்ப்புப் பயனைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் பணம் இருக்க நீங்கள் இப்போது தரும் வாய்ப்பு 60 சதவீதம் என்றிருக்கட்டும். உங்கள் கை எந்தப் பக்கம் போனாலும் அது மாறாது. ஒரு பெட்டிக்கு எதிர்பார்ப்பு 6 லட்சம். இரண்டுக்கும் 6 லட்சத்து 1,000. அந்த 60ஐ 5 ஆக்கினாலும் 95 ஆக்கினாலும் வித்தியாசம் அதே 1,000 டாலர்தான். ஆதிக்க விதியும் எதிர்பார்ப்புப் பயனும் இப்போது கைகோத்துவிட்டன. இரண்டு விதிகளையும் பிரித்து வைத்தது பெருக்கலோ கூட்டலோ கிடையாது. பெருக்குவதற்கு எந்த நிகழ்தகவை எடுத்தோம் என்பதுதான்.

ஆதிக்க விதி எங்கே பொய்க்கும்?

அப்படியானால் ஆதிக்க விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. பழங்கால கிரேக்கர்கள் 'சோம்பேறி வாதம்' என்று ஒன்றைப் பேசினார்கள். ரோமானிய அறிஞர் சிசரோவும் அதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். நோயாளி குணமாவார் அல்லது குணமாக மாட்டார். குணமாவது விதி என்றால் மருத்துவரை அழைத்தது வீண். குணமாகாதது விதி என்றாலும் அழைத்தது வீண். ஆகவே மருத்துவரை அழைக்காதே, கட்டணமாவது மிஞ்சும். வடிவத்தில் இது நம் இரண்டு பெட்டி வாதத்தைப் போலவே இருக்கிறது. ஆனால் இதை நம்பியவர் செத்துப்போவார்.

இங்கே பிழை எங்கே என்பது வெளிப்படை. குணமாவதா இல்லையா என்பது, மருத்துவரை அழைப்பதால் மாறக்கூடிய ஒன்று. நிலைகளாக எதைப் பிரித்தோமோ அவை நம் செயலின் பிடிக்குள் இருந்தால் ஆதிக்க விதியை அங்கே பயன்படுத்தவே கூடாது. நம் செயலால் அசையாத நிலைகளின் மேல் மட்டுமே அது செல்லும். நியூகம் புதிரில் நிலைகள் நேற்றே உறைந்துவிட்டன. ஆனால் நம் செயலோடு அவை புள்ளிவிவர அளவில் இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. காரணத் தொடர்பு இல்லை, அறிகுறித் தொடர்பு உண்டு. நோசிக் இந்த இடத்தைத்தான் விரல் வைத்துக் காட்டினார்.

இப்படி ஓர் இடம் கற்பனையில் மட்டும் இருக்கிறதா? புகைபிடித்தல் பற்றிய பழைய விவாதம் ஒன்று இதற்கு மிக அருகில் வருகிறது. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, புகைப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டினார்கள். நவீனப் புள்ளியியலின் முன்னோடிகளில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் அதை ஏற்கவில்லை. ஒரே மரபுக்கூறு சிலரிடம் புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்துக் கொண்டுவரலாமே என்று 1950களின் பிற்பகுதியில் வாதிட்டார். அவர் சொன்னது தவறு. புகை புற்றுநோய்க்குக் காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்த ஓர் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே புகைப்பது நோய்க்கு அறிகுறி மட்டும், காரணம் அன்று. அங்கே ஒருவர், 'நான் புகைக்காவிட்டால் எனக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று கணக்கு சொல்கிறது, ஆகவே விட்டுவிடுகிறேன்' என்று சிகரெட்டைத் தூக்கிப் போட்டால் அவருக்கு என்ன லாபம்? மரபுக்கூறு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. தன்னைப் பற்றி நல்ல செய்தி கேட்க ஆசைப்பட்டு, செய்தியை உண்டாக்கும் செயலைச் செய்கிறார். செய்தி சொல்லும் உண்மையை அவர் செயல் தொடவே இல்லை.

நியூகம் புதிரில் ஒரு பெட்டி எடுக்கச் சொன்ன பலரும் இந்த உதாரணத்தில் புகைபிடித்தல் தவறில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதே நேரம் இரண்டும் முற்றிலும் ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. எல்லரி ஈல்ஸ் 1980களில் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார். அந்தக் கற்பனை உலகில் மரபுக்கூறு வேலை செய்வது புகைக்கும் ஆசை வழியாக. தனக்கு அந்த ஆசை இருப்பதை ஒருவர் ஏற்கெனவே உணர்ந்துவிட்டால் கெட்ட செய்தி வந்து சேர்ந்தாயிற்று. அதற்கு மேல் புகைப்பதும் விடுவதும் புதிதாக எதையும் சொல்வதில்லை. ஆகவே அறிகுறிக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் அங்கே விடை மாறிவிடும். நியூகம் கணிப்பாளரோ நம் ஆசையைக் கணிக்கவில்லை, கடைசி முடிவையே கணிக்கிறார். அதனால்தான் இந்தப் புதிர் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது.

'அப்படியானால் ஏன் உன் கையில் பணமில்லை?'

ஒரு பெட்டிக்காரர்களிடம் ஒரு கூர்மையான கேள்வி உண்டு. நீங்கள் அவ்வளவு அறிவாளிகள் என்றால், எங்களிடம் 10 லட்சமும் உங்களிடம் 1,000 டாலரும் இருப்பது எப்படி? லூயிஸ் 1981இல் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் பதில் சுருக்கமானது: இந்த விளையாட்டை வைத்தவர், சரியாக யோசிக்காதவர்களுக்கு முன்கூட்டியே பரிசு எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு பெட்டிக்காரர் முன்னால் 10 லட்சம் ஒருபோதும் வைக்கப்படவில்லை. ஆகவே தவறாகத் தேர்ந்தெடுத்து அவர் அதை இழக்கவில்லை. தன் முன்னால் வைக்கப்பட்டதில் கிடைக்கக்கூடிய அதிகபட்சத்தையே அவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

இந்தப் பதிலில் வலு இருக்கிறது. முழுத் திருப்தி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா முறையும் பின்தங்கும் ஒரு யோசனை முறையைச் சரி என்று சொல்வது மனதுக்கு உறுத்தத்தான் செய்கிறது. நோசிக்கே பின்னாளில், 1993இல் எழுதிய நூலில், ஒரு விஷயத்தைச் சுட்டினார். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் தொகையை மாற்றினால் மக்கள் மனமும் மாறுகிறது. அதில் ஒரே ஒரு டாலர் இருந்தால், அதற்காக 10 லட்சத்துக்கு எதிரான அறிகுறியை ஏன் வரவழைத்துக்கொள்வானேன் என்று இரண்டு பெட்டிக்காரர்களும் தயங்குகிறார்கள். அதில் 9 லட்சம் இருந்தால், கண் முன்னால் கிடப்பதை விட்டுப் போக ஒரு பெட்டிக்காரர்களுக்கும் மனம் வராது. கணக்குப்படியே பார்த்தாலும் அப்போது கணிப்பாளர் 95 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்தால்தான் ஒரு பெட்டி மேலாகும். இரண்டு விதிகளில் ஒன்றை மட்டும் முழுதாக நம்புகிறவர் அரிது, இரண்டுக்கும் ஏதோ ஓர் எடை கொடுத்துத்தான் முடிவெடுக்கிறோம் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த உறுத்தலை நேரம் என்ற ஒன்றைக் கவனித்தால் பெரிதும் தணிக்கலாம். கணிப்பு இன்னும் நடக்கவில்லை, நாளைதான் நடக்கப் போகிறது என்றால்? அப்போது, ஒரு பெட்டியைத்தான் எடுப்பேன் என்று உங்களைப் பிணைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் உடனே பிணைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் 2,000 டாலர் அபராதம் என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். கணிப்பாளர் அதைப் பார்ப்பார், பணத்தை வைப்பார். இங்கே உங்கள் கையெழுத்து பணம் வருவதற்கு உண்மையிலேயே காரணமாகிறது. காரணக் கணக்குப் போடும் லூயிஸ் தரப்பாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அந்த நூறு பேர் கணக்கில் பணக்காரர்களாக நின்றவர்கள், பெட்டி முன் எடுத்த முடிவால் பணக்காரர்கள் ஆகவில்லை. கணிப்புக்கு முன்பே எப்படிப்பட்டவர்களாக இருந்தார்கள் என்பதால் ஆனார்கள். முடிவெடுக்கும் கணத்தில் எது சரி என்பது ஒரு கேள்வி. அந்தக் கணத்துக்கு முன் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பது லாபம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று நினைக்க நேர்கிறது.

என் தீர்ப்பு இது. கணிப்புக்கு முன் கையெழுத்துப் போட வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பெட்டிக்குப் போடுங்கள். கணிப்பு முடிந்து, பெட்டி மூடப்பட்டு, கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் இல்லாமல் அதன் முன் நிற்கிறீர்கள் என்றால் இரண்டையும் எடுங்கள். உங்கள் கை உள்ளே இருப்பதை மாற்றாது. 'இதைச் செய்பவர்களுக்கு அது அதிகம் கிடைக்கிறது' என்று சொல்லும் எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், நான் இதைச் செய்தால் அது மாறுமா, அல்லது நான் யார் என்பதை மட்டும் இது காட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள். மாறும் என்றால் செய்யுங்கள். காட்டுவது மட்டும்தான் என்றால், நல்ல அறிகுறிக்காக ஒரு டாலரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.